பித்தளை மூடி ஜாடியில் டேபிள் லைட்: இரண்டு ஒயர் போதாது

“காரைக்குடி பழம்பொருள் கடையில் பித்தளை மூடி போட்ட கண்ணாடி ஜாடி வாங்கினேன். அதை டேபிள் லைட்டாக மாற்ற ஆசை. இரண்டு ஒயரும் இரண்டு பின் பிளக்கும் போதும், தானே மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?”

வேண்டாம். மூடி பித்தளை என்பதால் உங்களுக்கு மூன்று கோர் ஒயரும் மூன்று பின் பிளக்கும் கட்டாயம் வேண்டும். உள்ளே ஒயரின் தோல் உரிந்து மூடியில் பட்டால், மூடி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும்; இல்லாவிட்டால் தொடுகிற கை வழியாகத்தான் போகும்.

கண்ணாடியில் துளை போடவே வேண்டாம், விரிசல் விடும். ஜாடி அடிப்பாகமாக மட்டும் இருக்கட்டும். மூடியின் நடுவில் துளையிட்டு, மேல்பக்கம் பிளாஸ்டிக் ஹோல்டரைப் பொருத்துங்கள். ஒயர் மூடியின் ஓரத்தில் இன்னொரு துளை வழியாக வெளியே வரட்டும். அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் அவசியம், பித்தளை விளிம்பு கத்தி மாதிரி ஒயரை அறுக்கும். இழுத்தால் ஹோல்டரில் இருந்து கழன்றுவிடாதபடி உள்பக்கம் ஒரு முடிச்சும் போடுங்கள். பச்சை எர்த் கம்பியை மூடியில் போல்ட், நட் வைத்து இறுக்குங்கள். சுவிட்சைப் பழுப்புக் கம்பியில் (பேஸ்) மட்டும் கொடுங்கள். பல்பு 5 வாட் எல்இடி போதும்.

மூடி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்து, கை படும் இடத்தில் எந்த உலோகமும் இல்லாவிட்டால் இரண்டு கோர் ஒயர் போதும். அப்போதும் மூன்று பின் பிளக்தான், எர்த் பின்னை வெறுமனே விட்டுவிடுங்கள். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சுவிட்ச் நியூட்ரலுக்குப் போய்விடும். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றுகிறபோதுதான் அது தெரியவரும். மர மூடிக்குப் பித்தளை ஹோல்டர் மாட்டினால் இந்த விலக்கு கிடையாது. மர மூடியில் அலங்காரத்துக்குப் பித்தளைப் பட்டை அடித்திருந்தாலும் கிடையாது.

கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத மெல்லிய ஒயர். முத்திரை வேண்டும் என்று விதி எழுதி வைக்கிறார்கள், கடைகளில் போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை நீங்களே மின்கடையில் கேட்டு வாங்குங்கள்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இன்னொரு தொல்லை: சுவரில் மூன்று துளை சாக்கெட் புதிதாக இருக்கும், பின்னால் எர்த் கம்பியே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சாக்கெட்டை முதலில் சோதியுங்கள்.

பிறகு செருகும் முன், மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் சோதனையில் வையுங்கள். பிளக்கின் பெரிய பின்னுக்கும் மூடிக்கும் இடையில் சத்தம் வர வேண்டும். மற்ற இரண்டு பின்களுக்கும் மூடிக்கும் இடையில், சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும், சத்தம் வரக்கூடாது. வந்தால் செருகாதீர்கள், ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்.