கத்தரிச் செடிக்குள் ஒரு கணக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த வாரமே எங்கள் வீட்டுக் கொல்லையில் கத்தரி வாட ஆரம்பித்தது. மொத்தம் ஒன்பது செடி. ஆறு வாரம் நன்றாக வளர்ந்து பூவும் விட்டன. ஒரு நாள் மத்தியானம் ஒரு செடி துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் பச்சை இலையோடு செத்துப்போனது. ஒரே வாரத்தில் நான்கு போய்விட்டன. மண்ணில் இருக்கிற பாக்டீரியாதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மண்ணில் முன்பே இருந்தது ஆறு வாரம் எதற்குக் காத்திருந்தது? மூளையே இல்லாத ஒன்று தன் கூட்டத்தை எப்படி எண்ணும்? அந்தப் பேச்சை நிறுத்தினால் மிச்சச் செடி பிழைக்குமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கண்ணாடி கிளாஸில் சுத்தமான தண்ணீர் எடுத்து, ஆடாமல் ஓரிடத்தில் வையுங்கள். வாடி, ஆனால் இன்னும் காயாத செடி ஒன்றின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே கூரான கத்தியால் வெட்டுங்கள். ஒரு விரல் நீளத் துண்டு போதும். வெட்டிய முனை தண்ணீரில் சற்றே முங்கும்படி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் சொன்னது சரியென்றால், சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கும். ரப்பர் மரத்தைச் சீவியதும் கோட்டில் பால் திரண்டு இறங்குமே, அதைத் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுத் தக்காளியில் இதை முதன்முதலாகப் பார்த்த அன்று அந்த கிளாஸைக் கீழே வைக்க எனக்கு மனமே வரவில்லை. அந்த நூல் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் அவை சுரந்த கோழையும் சேர்ந்தது.

இந்த பாக்டீரியாவின் பெயர் ரால்ஸ்டோனியா சொலனசியாரம். நம் ஆசியப் பகுதி வகைகளில் பலவற்றை இப்போது சூடோசொலனசியாரம் என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அந்தப் பிரிவினை முக்கியமில்லை. முக்கியமானது அந்தக் கோழை. செடியைக் கொல்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடுகிறது. மத்தியான வெயிலில் இலை அதிகத் தண்ணீர் கேட்கும்போது, அடைபடாமல் மிஞ்சிய குழாய்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை, செடி துவள்கிறது. சாயங்காலம் தேவை குறைந்ததும் அந்த மிச்சக் குழாய்களே போதுமானதாகிவிடுகின்றன, செடி நிமிர்கிறது. மூன்றாம் நாள் மிச்சமே இல்லை. இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாமல் பச்சையாகவே சாவது அதனால்தான்.

இப்போது காத்திருந்த கதைக்கு வருகிறேன். இந்த பாக்டீரியாவுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது நீந்தும், வேரைத் தேடும், வேரில் ஒட்டிக்கொள்ளும், கிடைத்த பலவகை உணவையும் தின்று பெருகும். அப்போது கோழை சுரப்பதில்லை. கோழை செய்ய நிறையச் சர்க்கரை செலவாகும். நான்கைந்து பாக்டீரியா சேர்ந்து சுரந்தால் எந்தக் குழாயும் அடையாது, செலவுதான் மிச்சம். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி என்ற அடர்த்தியைத் தாண்டிய பிறகுதான் நீச்சல் குறைகிறது, கோழையும் செடியின் சுவரைக் கரைக்கும் சில நொதிகளும் வெளியே வருகின்றன. இப்படி அடர்த்தியைப் பார்த்து நடத்தையை மாற்றுவதைத்தான் குவோரம் சென்சிங் என்கிறார்கள். சங்கப் பொதுக்கூட்டத்தில் 'கோரம் சேர்ந்தாச்சா' என்று கேட்போமே, அதே சொல்தான்.

ஆனால் சங்கத்தில் தலையை எண்ணுவோம். இங்கே யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு பாக்டீரியாவும் சமிக்ஞையாக ஒரு சின்ன மூலக்கூறை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, அது தன்னைச் சுற்றி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. டுரியான் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் ஒரு பழம் இருந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாமல் போகலாம். அதையே காருக்குள் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். மூக்குக்குத் தெரிவது வாசனையின் அடர்த்தி. அது பழத்தின் எண்ணிக்கையாலும் கூடும், இடம் சிறுத்தாலும் கூடும். பாக்டீரியாவாலும் இந்த இரண்டையும் பிரித்து அறிய முடியாது. 'பேசிக்கொள்கின்றன' என்று நான் எழுதியதில் இந்த விஷயம் விட்டுப்போயிற்று. உங்கள் ஆறு வாரத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒரு கோடி அளவை 200 மில்லி பிடிக்கும் உங்கள் கிளாஸில் எட்ட 200 கோடி பாக்டீரியா வேண்டும். தண்டுக்குள் இருக்கும் ஒரு குழாயின் அகலம் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும் தண்ணீர் 0.00002 மில்லிலிட்டர்தான். அங்கே அதே அடர்த்திக்கு 200 பாக்டீரியா போதும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டு முறை இரட்டித்தால் 256. குழாயில் ஓடும் நீர் சமிக்ஞையை அடித்துக்கொண்டு போகும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம் தேவைப்படலாம். இருந்தாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மண்ணில் மாதக்கணக்காக அது தனியாள். வேரில் ஒரு காயம் வழியாகவோ, பக்கவேர் முளைத்த வெடிப்பு வழியாகவோ குழாய்க்குள் நுழைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நுழைந்தபின் எல்லாம் வேகமாக நடந்துவிட்டது.

அந்த மூலக்கூறு என்ன தெரியுமா? 3-ஹைட்ராக்ஸி பால்மிட்டிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர். பெயர் மிரட்டும், ஆனால் பால்மிட்டிக் அமிலம் நமக்குத் தெரியாத பொருள் இல்லை. நம் ஊரைச் சுற்றி நிற்கும் செம்பனையின் எண்ணெயில் ஏறத்தாழ 44 சதவீதம் அதுதான். அதில் இரண்டு சின்ன மாற்றம் செய்தால் ரால்ஸ்டோனியாவின் சமிக்ஞை. சில வகைகள் இதைவிடச் சற்றுக் குட்டையான கொழுப்பமிலத்திலிருந்து செய்துகொள்கின்றன. இது ஆவியாகவும் கூடியது. 1990களில் ஆய்வுக்கூடத்தில், சமிக்ஞை செய்யத் தெரியாத ஒரு மாற்றுவகையை இயல்பான வகைக்கு அருகில் வளர்த்தார்கள். தொடாமலேயே, காற்று வழி வந்த ஆவியைக் கொண்டே அது கோழை சுரக்க ஆரம்பித்தது.

சரி, வெளியே உள்ள மூலக்கூறு உள்ளே மரபணுவை எப்படி மாற்றுகிறது? இதற்கு பாக்டீரியா வைத்திருக்கும் ஏற்பாட்டை இருகூறு அமைப்பு என்பார்கள். சவ்வில் உட்கார்ந்து வெளியைப் பார்க்கும் ஒரு புரதம், உள்ளே காத்திருக்கும் இன்னொரு புரதம். முதலாவது, செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கித் தன் ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அதை இரண்டாவதின் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏறியதா இல்லையா என்பதுதான் உள்ளே போகும் சேதி. உப்பு, உணவு, வெப்பம் என்று எதை உணரவும் பாக்டீரியாக்கள் இதே ஜோடி முறையைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன.

ரால்ஸ்டோனியாவில் சவ்வில் இருப்பது பிஎச்சி-எஸ், உள்ளே இருப்பது பிஎச்சி-ஆர். அவற்றுக்கு அப்பால் பிஎச்சி-ஏ என்ற பெரிய அதிகாரி, நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஏற்றி இறக்குவது அது. சமிக்ஞை குறைவாக உள்ளபோது பாஸ்பேட் கைமாறிக்கொண்டே இருக்கும், பிஎச்சி-ஏ அடங்கிக் கிடக்கும். சமிக்ஞை கூடியதும் அந்தக் கைமாற்றம் தளர்கிறது, பிஎச்சி-ஏ எழுகிறது, கோழை மரபணுக்கள் திறக்கின்றன. அதாவது சமிக்ஞை எதையும் முடுக்கிவிடுவதில்லை, அழுத்திக்கொண்டிருந்த பிரேக்கை எடுத்துவிடுகிறது. 1997 முதல் நிற்கும் வரைபடம் இது. ஆனால் பிஎச்சி-ஆர் விசித்திரமான புரதம். இதன் சகபாடிகளில் பெரும்பாலானவை தாமே டிஎன்ஏவைப் பிடிக்கும். இதற்கு அந்தப் பிடி இல்லை, வால்பகுதி இன்னொரு பாஸ்பேட் ஏற்றும் புரதம் போல இருக்கிறது. பிஎச்சி-க்யூ என்ற இன்னொரு புரதத்துக்கும் இந்தச் சங்கிலியில் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இதைப் பாடப்புத்தகப் படம் போல நேர்கோடாக வரைந்து காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிஎச்சி-ஏ அதிகாரியை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். அந்த மாற்றுவகை இன்னும் பலவகை உணவைத் தின்கிறது, வேரில் இன்னும் நன்றாக ஒட்டுகிறது, ஆனால் செடியை வாடவைக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆய்வுக்கூடக் குடுவையில் பழசாக விட்டாலே இத்தகைய வகைகள் தானாகத் தோன்றும். டெட்ராசோலியம் சாயம் கலந்த தட்டில் அவற்றைக் கண்ணாலேயே பிரிக்கலாம். நோய் தரும் வகையின் குடியிருப்பு வெள்ளையாக, நடுவில் இளஞ்சிவப்போடு, ஈரமாக வழிந்து கிடக்கும். மாறிப்போனது சிறிதாக, கருஞ்சிவப்பாக, வறண்டு இருக்கும். வழிவது அந்தக் கோழைதான்.

அப்படியானால் பேச்சை நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்வி நியாயமானதே. இடியோனெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவின் நொதி இந்தச் சமிக்ஞையை வெட்டிவிடுகிறது, வெட்டினால் கோழை குறைகிறது. இது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட விஷயம். உரக்கடையில் பாட்டிலாக வாங்க முடியாது. வாடிய செடிக்கு அப்படி ஒன்று கிடைத்தாலும் உதவாது என்பது என் எண்ணம், ஏனென்றால் துவண்ட அன்றே கோழை சுரந்து முடிந்திருக்கும்.

உங்கள் கிளாஸும் இதே கணக்கில்தான் நிற்கிறது. நூல் இறங்கினால் உள்ளே கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரியும். நூல் வரவில்லை என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கூட்டம் இன்னும் சேராமலும் இருக்கலாம். அதனால் நன்றாக நிற்கும் ஐந்து செடியை வெட்டிப் பார்க்க வேண்டாம். வாடியவற்றை வேரோடும் ஒட்டிய மண்ணோடும் பிடுங்கி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் மற்ற செடிகளுக்குப் போகாமல் பாருங்கள். கத்தியையும் மண்வெட்டியையும் குளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் கழுவுங்கள். கிளாஸ் தண்ணீரிலும் குளோரோக்ஸை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் கொட்டுங்கள், கொல்லையில் மட்டும் கொட்டாதீர்கள்.

அந்த இடத்தில் அடுத்த முறை மிளகாய், தக்காளி, இஞ்சி, நிலக்கடலை எதுவும் போடாதீர்கள், இவை எல்லாம் அதற்கு வீடு. கத்தரிதான் வேண்டுமென்றால் சுண்டை நாற்றின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடலாம். சுண்டை வேர் இந்த நோயைப் பெரும்பாலும் தாங்கும். உங்கள் பக்கத்தில் செம்பனைக் காட்டு ஓரத்திலேயே அது முளைத்துக் கிடக்கும், விதைக்கு அலைய வேண்டியதில்லை.

நூல் வரவே இல்லை, அடி இலைகள் முதலில் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் காய்ந்தன என்றால் அது பூஞ்சண வாடலாக இருக்கலாம். அப்போது தண்டை நெடுக்கில் பிளந்து, உள்ளே என்ன நிறம் என்று எழுதுங்கள்.