காலரா கேஸ் வந்தால் எந்த மீடியா, எப்போது?

“மேடம், அடுத்த வாரம் மைக்ரோபயாலஜி பிராக்டிகல். மீடியா அட்டவணை முழுவதும் மனப்பாடம். ஆனால் போன இன்டர்னலில் காலரா கேஸுக்கு வி.ஆர்., ஆல்கலைன் பெப்டோன் வாட்டர், டி.சி.பி.எஸ். மூன்றையும் எழுதிவிட்டு, ‘எதற்கு மூன்று?’ என்று வைவாவில் கேட்டதும் முழித்தேன். எப்படி யோசிப்பது?”

கேஸில் இரண்டு விஷயத்தை மட்டும் தேடுங்கள். மாதிரி லேபுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதில் காலராக் கிருமியான விப்ரியோ நிறைய இருக்குமா, கொஞ்சமா? மூன்று மீடியாவும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஒரு கேஸ் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரிசி கழுவிய தண்ணீர் போல வயிற்றுப்போக்குடன் ஒருவர். மாவட்ட லேபுக்கு மாதிரி மறுநாள்தான் போகும். மறுநாள் என்றதுமே டிரான்ஸ்போர்ட் மீடியா தேவை. வெங்கட்ராமனும் ராமகிருஷ்ணனும் உருவாக்கிய வி.ஆர். திரவம் கடல் உப்பும் பெப்டோனும் கலந்தது, பி.எச். 8.6 முதல் 8.8 வரை. அதில் விப்ரியோ பெருகாது, ஆனால் வாரக்கணக்கில் சாகாமல் இருக்கும். அது இல்லாவிட்டால் கேரி-பிளேர். மாதிரியை ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, விப்ரியோவுக்குக் குளிர் ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேர்வு நெருங்கினால் ‘ஸ்பாட்டர் கிட்’ என்று காசு வாங்கிக்கொண்டு பி.டி.எஃப். விற்க ஆள்கள் வந்துவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் ‘வயிற்றுப்போக்கு – பஃபர்டு கிளிசரால் சலைன்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அது ஷிகெல்லாவுக்குப் பொருந்தும், விப்ரியோவுக்குப் பொருந்தாது. காலரா கேஸில் அதை எழுதினால், அப்புறம் நீங்கள் எதைச் சரியாகச் சொன்னாலும் எக்ஸாமினர் நம்ப மாட்டார். வருஷா வருஷம் இதே தப்பு வருகிறது, விற்பவர் மட்டும் திருத்துவதே இல்லை.

சரி, மாதிரி லேபுக்கு வந்துவிட்டது. அதில் ஒரு மில்லியை 10 மில்லி ஆல்கலைன் பெப்டோன் வாட்டரில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பி.எச். 8.6, 37 டிகிரி, ஆறு முதல் எட்டு மணி நேரம். காரத்தன்மையில் விப்ரியோ மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். ஆனால் இரவு முழுக்க விட்டால் மற்ற பாக்டீரியாக்களும் பெருகி விப்ரியோவை அமுக்கிவிடும். நேரத்தைச் சொல்லாமல் ‘என்ரிச்மென்ட்’ என்று மட்டும் எழுதுவது அரைப் பதில். இன்னொன்று, குழாயைக் குலுக்காதீர்கள். விப்ரியோ காற்றைத் தேடி மேலே வந்து மெல்லிய படலமாக நிற்கும். லூப்பால் அந்த மேல்பரப்பைத் தொட்டு எடுத்தால் போதும்.

அடுத்தது டி.சி.பி.எஸ். அதிலுள்ள பித்த உப்பும் காரமும் குடலின் மற்ற பாக்டீரியாக்களை அடக்கும். சுக்ரோஸைப் புளிக்க வைக்கும் காலரா விப்ரியோ 18 முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் காலனியாக வரும், பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வரும். இதை ஆட்டோகிளேவ் செய்யக் கூடாது, கொதிக்க வைத்தாலே போதும். கரும்பலகையில் ஒருமுறை எழுதிப்போட்டிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் இது. ஆனால் பல இடங்களில் மீடியா தயாரிப்பதை மாணவர்களுக்குக் காட்டுவதே இல்லை. தேர்வன்று காய்ந்துபோன ஒரு பிளேட்டை மேஜையில் வைத்து ‘கண்டுபிடி’ என்கிறார்கள்.

இனி உங்களிடம் கேட்ட ‘எதற்கு மூன்று?’. கடுமையான நோயாளியின் புதிய மாதிரியில் விப்ரியோ ஏராளமாக இருக்கும். அதை உடனே டி.சி.பி.எஸ்.ஸில் நேரடியாகத் தீட்டினாலே வளரும். கூடவே பெப்டோன் வாட்டரிலும் போட்டு வைப்பது பாதுகாப்புக்காக. நோய் தேறியவர், அறிகுறியில்லாமல் கிருமியைச் சுமப்பவர் என்றால் எண்ணிக்கை குறைவு, அங்கே என்ரிச்மென்ட் இல்லாமல் நடக்காது. நோயாளி லேபுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வி.ஆர். தேவையே இல்லை. மூன்றும் கட்டாயம் என்பது கேஸைப் படிக்காதவர் பதில்.

கடைசியில் வரும் ஒரு விதிவிலக்கில் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். மஞ்சள் காலனி கிடைத்ததும் அதிலிருந்தே ஆக்ஸிடேஸ் டெஸ்ட் பார்த்துவிடுவார்கள். பார்க்காதீர்கள். சுக்ரோஸ் புளித்ததில் வந்த அமிலம் அந்த வினையைக் கெடுக்கும். காலரா விப்ரியோவே நெகட்டிவாகத் தெரியலாம், நீங்களும் ‘இது விப்ரியோ இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். காலனியை நியூட்ரியன்ட் அகாருக்கு மாற்றி, அது வளர்ந்த பிறகு அதிலிருந்து எடுத்துச் செய்யுங்கள். எக்ஸாமினர் பிளேட்டை நீட்டி ‘ஆக்ஸிடேஸ் செய்’ என்றால், இது டி.சி.பி.எஸ். பிளேட், முதலில் சப்கல்ச்சர் செய்ய வேண்டும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பல நேரம் அவர் கேட்க நினைத்ததே அதுதான்.