ப்ளர் போட்டு சேவ் கொடுத்தாயிற்று, இன்னும் ப்ராசஸிங்: இப்போது வெளியில் தெரிவது எது?

"ஏற்கெனவே பப்ளிஷ் ஆன வீடியோவில் ஒரு போன் நம்பர் தெரிகிறது. யூட்யூப் ஸ்டுடியோவில் ப்ளர் போட்டு, முன்னால் 30 விநாடியும் வெட்டி, சேவ் கொடுத்துவிட்டேன். ரொம்ப நேரமாக ப்ராசஸிங் என்றே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இப்போது எது தெரியும்?"

பழைய வீடியோதான் தெரியும், அந்த நம்பரோடு. அதனால் முதல் வேலையாக, ஸ்டுடியோவின் வீடியோ பட்டியலுக்குப் போய் அதை Private ஆக்கிவிடுங்கள். லிங்க், வியூஸ், கமெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். எடிட் ஓடுவதும் நிற்காது.

பலரும் ஏமாறுவது இந்தப் பட்டியலில்தான். வீடியோவுக்கு நேராக Public என்று இருப்பதைப் பார்த்து, எடிட் செய்ததே வெளியே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். யார் பார்க்கலாம் என்பதை மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை. புதிய பதிப்பு முழுக்கத் தயாராகும்வரை பழையதுதான் ஓடும்.

இரண்டு விநாடி ப்ளருக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றும். மறைத்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, வீடியோவைப் புதிதாக உருவாக்கியாக வேண்டும். நீளமான வீடியோ என்றால் பல மணி நேரம்கூடப் பிடிக்கும். வேலை அவர்கள் சர்வரில் நடப்பதால் டேபை மூடிவிடலாம். ஆனால் அது முடியாமல் அடுத்த எடிட் போட முடியாது. அவசரப்பட்டு Revert to original கொடுத்தால், போட்ட ப்ளரும் போய்விடும், அதற்கும் தனியாக ப்ராசஸிங் ஓடும்.

முடிந்துவிட்டதா என்பதை வெட்டிய வீடியோவில் நீளமே காட்டிக்கொடுக்கும். 14:20 இருந்ததில் 30 விநாடி வெட்டினால் 13:50 ஆக வேண்டும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்த பிறகும் 14:20 என்றே இருந்தால் இன்னும் ஆகவில்லை. ப்ளர் மட்டும் போட்டிருந்தால் நீளம் மாறாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். நம்பர் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் பாஸ் செய்து, கம்ப்யூட்டர் கீபோர்டில் `.` அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகருங்கள். பின்னால் வர `,`. கேமரா திரும்பும் இடத்தில் ப்ளர் ஓரிரு ஃப்ரேம் பிந்தி வருவது அடிக்கடி நடக்கும். ஓடும்போது கண்ணில் படாது, பாஸ் செய்கிறவருக்கு முழு நம்பரும் கிடைத்துவிடும். அப்படி இருந்தால் ப்ளர் தொடங்கும் இடத்தை அரை விநாடி முன்னால் இழுத்து மறுபடி சேவ் கொடுங்கள்.

எல்லா ஃப்ரேமும் சுத்தமாக இருந்தால் Public ஆக்கி, லாகின் இல்லாத இன்காக்னிடோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்கிரிப்ஷனில் நீங்கள் டைப் செய்து வைத்த சாப்டர் நேரங்கள் தானாக மாறாது. முன்னால் 30 விநாடி போய்விட்டதால், 8:00 என்று இருப்பதை 7:30 என்று நீங்களேதான் திருத்த வேண்டும். 0:00-இல் தொடங்கும் முதல் சாப்டரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.