"மூன்று மாதம் செய்து பார்ப்பம்" என்ற தீர்மானம் எப்போது முடிகிறது?

கேள்வி: எங்கட வாசிகசாலை நிர்வாக சபையில "கொஞ்சக் காலத்துக்கு", "மூன்று மாதம் செய்து பார்ப்பம்" எண்டு தீர்மானம் எடுக்கிறம். பிறகு அது முடிஞ்சதா, தொடருதா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டறிக்கையில எப்படி எழுதினால் சரி?

பதில்:

திருகோணமலையில் ஒரு சிறிய கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சில வருடம் செயலாளராக இருக்கிறேன். உங்கள் தலையிடி எங்களுக்கும் இருந்தது.

வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, படகு இறங்காது. அதனால் ஒரு வருடம் "வாடை முடியும் வரை சந்தா பாதி" என்று எழுதி வைத்தோம். வாடை எப்போது முடிந்தது? தை கழிய முடிந்தது என்றார் பொருளாளர். பங்குனி வரை அலை அடங்கவில்லை என்றார்கள் மற்றவர்கள். அடுத்த ஆவணியிலும் சிலர் பாதிதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது, அறிக்கையில் திகதி இல்லையே.

2024 ஒக்டோபர் 13 கூட்டத்தில் இப்படி எழுதினோம்:

"மாதச் சந்தா 300 ரூபாயிலிருந்து 150 ரூபாயாகக் குறைக்கப்படுகிறது. இது 2024 நவம்பர், டிசம்பர், 2025 ஜனவரி, பெப்ரவரி ஆகிய நான்கு மாதச் சந்தாவுக்கு மட்டும். பணம் கட்டும் நாள் எதுவானாலும் எந்த மாதத்துக்கான சந்தா என்பதே கணக்கு. 2025 மார்ச் சந்தா 300 ரூபாய். இதற்கு வேறு தீர்மானம் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9 கூட்டத்தில் மீளாய்வு. பொருளாளர் வரவுக் கணக்கையும் நிலுவைப் பட்டியலையும் கொண்டுவருவார்."

"நான்கு மாதத்துக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், தீர்மானம் எடுத்த நாளிலிருந்தா, அடுத்த மாதத்திலிருந்தா என்று சண்டை வரும். மாதங்களைப் பெயர் சொல்லி எழுதினால் அந்தக் கதையே இல்லை. "எந்த மாதத்துக்கான சந்தா" என்ற வரி மே மாதம் கைகொடுத்தது. ஜனவரி நிலுவையை அப்போதுதான் ஒருவர் கொண்டுவந்தார். அந்த வரி இல்லாவிட்டால், சலுகை முடிந்துவிட்டது, 300 தா என்று கேட்டிருப்பார்கள். அவர் கட்ட வேண்டியது 150தான். சலுகை முடிந்தாலும் அது இருந்த காலத்துக்குரியது மாறாது. வாசிகசாலையில் புத்தகத்தை மூன்று வாரத்துக்குக் கொடுத்துப் பார்க்கிறீர்கள் என்றால், பரீட்சார்த்தத்தின் கடைசி நாளில் எடுத்தவருக்கும் மூன்று வாரம் உண்டு என்று எழுதிவிடுங்கள்.

மீளாய்வை முடிவுத் திகதிக்குப் பின் வைக்காதீர்கள். நாங்கள் ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால் வைத்தோம். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். முந்தைய வாடையில் 62 பேரில் 23 பேர்தான் ஒழுங்காக 300 கட்டினார்கள், மாதம் 6,900 ரூபாய். பாதியாக்கினால் அதே தொகைக்கு 46 பேர் கட்ட வேண்டும். இந்த 46ஐயும் அறிக்கையில் எழுதினோம். இல்லாவிட்டால் மீளாய்வு நாளில் "நல்லாத்தான் போகுது" என்று நாலு பேர் சொல்வதோடு காரியம் முடிந்துவிடும்.

திகதியை யார் ஞாபகம் வைப்பது? செயலாளரின் தலையை நம்பாதீர்கள், வருடாந்தக் கூட்டத்தில் ஆளே மாறிவிடலாம். கூட்டறிக்கைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் காலவரையறையுள்ள தீர்மானங்களை மட்டும் முடிவுத் திகதி வரிசையில் எழுதுகிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் முந்தைய அறிக்கையை வாசித்தவுடன் அந்தப் பக்கத்தையும் வாசிப்போம்.

பெப்ரவரி 9 அன்று நல்ல மழை, கோரம் சேரவில்லை. மீளாய்வு நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் குழம்பவில்லை. மார்ச்சில் சந்தா தானாக 300க்குத் திரும்பியது. மௌனமாக இருந்தால் தீர்மானம் சாகவேண்டும், உயிரோடு இருக்கக்கூடாது. எங்கள் நாட்டில் இரண்டையும் பார்த்திருக்கிறோம். அவசரகால நிலையைப் பாராளுமன்றம் மாதாமாதம் நீடிக்க வேண்டியிருந்தது. 2011 ஓகஸ்டில் நீடிக்காமல் விட்டதும் அது காலாவதியானது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்து, 1982இல் அந்த எல்லை நீக்கப்பட்டது. பெயரில் மட்டும் "தற்காலிக ஏற்பாடுகள்" இன்னும் இருக்கிறது.

மார்ச் 9 கூட்டத்தில் ஒருவர், "முதலாம் திகதியிலிருந்து நீடிச்சதா எழுதுங்கோ தம்பி" என்றார். நான் மறுத்தேன். முடிந்ததை நீடிக்க முடியாது. வேண்டுமென்றால் ஏப்ரலிலிருந்து புதிய தீர்மானம், முன்மொழிந்து ஆமோதித்து எடுக்கலாம் என்றேன். அதற்குள் கடல் அமைதியாகிவிட்டது, யாரும் முன்மொழியவில்லை.

ஒன்று கவனியுங்கள்: சந்தாத் தொகை உங்கள் யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தால் நிர்வாக சபையால் மாற்ற முடியாது, தற்காலிகமாகக்கூட. பொதுக்கூட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த நான்கு மாதத்திலும் சராசரியாக 41 பேர் கட்டியிருந்தார்கள், 46 இல்லை. அதனால் அடுத்த வாடைக்கு 200 ரூபாய் என்று வைத்தோம், அதையும் மாதங்களைப் பெயர் சொல்லித்தான் எழுதினோம்.