முதல் எழுத்தை இழுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மசாலாத் தூளுக்கு ஒரு விளம்பர மெட்டு போடணும். மெட்டு, நீளம், மொழி எல்லாம் எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் பெயரை வாய்விட்டுச் சொல்லி, எது குறில், எது நெடில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெட்டு அதற்கப்புறம். நான் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டவன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமா மசாலா அரைத்து, வேனில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கொண்டுபோய் விற்பார். பெயர் 'கொடி மசாலா', பாக்கெட்டில் மிளகுக்கொடி படம். கீபோர்டில் நான் போட்ட மெட்டு கேட்க இனிமைதான். ஆனால் 'கொ'வில் இரண்டு தாளம் நின்றேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பள்ளியில் படித்தது மறந்துபோச்சு. இரண்டே வாரத்தில் மளிகைக்கடைகளில் "கோடி மசாலா வந்துருச்சா அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திருத்துவது சுலபமாகத்தான் இருந்தது. கொ, டி, ம மூன்றும் குறில். அவற்றுக்கு ச, க, ப என்று மூன்று ஸ்வரம், சட்சட்டென்று மேலே ஏறும். 'சா', 'லா' தாமே நெடில். இழுக்க வேண்டியதை அங்கே இழுத்தேன், மேல் சட்ஜத்தில் ஒன்று, பஞ்சமத்தில் ஒன்று. மொத்தம் ஐந்து ஸ்வரம், மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். 1994இல் வந்த இன்டெல் ஒலியும் ஏறக்குறைய இதே மூன்று விநாடிதான். அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான என்பிசியின் பழைய மணியோசையில் மூன்றே ஸ்வரம். நாள் முழுக்க ஓட்டும் வேனுக்கு இதைவிட நீளமாகப் போட்டால் லயத்தில் திட்டுவார்கள்.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெயரை மட்டும் பாடுங்கள், வாசகம் எதுவும் சேர்க்காதீர்கள். மலாயில் உயிரெழுத்தை நீட்டினாலும் பொருள் மாறாது, தமிழில் மாறிவிடும். அதனால் தமிழுக்கு அளவெடுத்துத் தைத்த மெட்டு மலாய்க்காரர் காதுக்கும் பொருந்தும், மலாய்க்கென்று போட்டது நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 'மசாலா' அவர்களுக்கும் தெரிந்த சொல்தான். வாசகத்தை மொழிபெயர்த்து அதே மெட்டில் அடைக்கப் போனால் அசை எண்ணிக்கை மாறி, மெட்டே வேறாகிவிடும்.

இன்னொன்று, ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கேட்டு ஏமாறாதீர்கள். எங்கள் முதல் பதிவில் அடியில் ஒரு கனத்த பேஸ் ஒலி இருந்தது. வேனின் குழாய் ஸ்பீக்கரில் அது காணாமலே போய், நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி கேட்டது. இப்போதெல்லாம் கைப்பேசியில் சத்தத்தைக் குறைத்து, ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் சத்தத்துக்கு நடுவே போட்டுப் பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்பதில்லை. "என்ன பேரு சொல்லுது?" என்றுதான் கேட்கிறேன்.