"மெதுவா சொல்லு" வேண்டாமே

"பையனுக்கு நாலு வயசு. எட்டு மாசமா 'த-த-த-தண்ணி'ன்னு திக்குறான். மெதுவா சொல்லுடான்னா இன்னும் கூடுது. தானா சரியாகுமா, தெரபிக்குப் போகணுமா?"

போங்கள். இந்த வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அது நீடிப்பது அதிகம். குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

நீங்கள் திட்டியதால் வந்ததில்லை. பேச்சை ஒருங்கிணைக்கும் மூளைப் பகுதிகள் சற்று வேறாக இயங்குவதுதான் அடிப்படை; பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. சொல்ல வேண்டியது அவனுக்குத் தெரியும், வாய்தான் அந்த 'த'வைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அப்போது "மெதுவா" என்றால் அவன் காதில் "தப்பாப் பேசுறே" என்றுதான் விழும். மெதுவாகப் பேச வேண்டியது நீங்கள். அவன் 'த-த' என்று நிற்கையில் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். முடித்ததும் "தண்ணியா? இந்தா", அவ்வளவுதான். (எங்கள் வீட்டில் பாட்டிக்கு இதைப் புரியவைக்கத்தான் பெரும்பாடு!)

இந்த வயதுக்கு லிட்கோம் என்றொரு முறை உண்டு, ஆஸ்திரேலியாவில் உருவானது. அதில் பயிற்சி தருவது பெற்றோர்தான். தினம் 10-15 நிமிடம் படப் புத்தகம் பார்த்து அவனோடு பேச வேண்டும். திக்காமல் வந்த சில வாக்கியங்களுக்கு மட்டும் "வழுவழுன்னு வந்துச்சே" என்று சொல்ல வேண்டும். அன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் குறித்துவைத்தால், தெரபிஸ்ட் வாராவாரம் அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்வார். அவரிடம் கற்காமல் இந்தப் பாராட்டை ஆரம்பிக்காதீர்கள். அளவு மீறினால் பையன் எரிச்சலாகிவிடுவான்.