கதவு எண் 14, சரக்கு எதிர்ச்சாரியில்: எக்ஸ் கிரேஷியா பற்றிய கேள்விகளும் பதில்களும்

பொதுக் காப்பீட்டில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பாதி க்ளெய்ம் பிரிவில். தீ, வெள்ளம், சரக்கு பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் என் துறை இல்லை.

ஈரோட்டிலிருந்து, ஜவுளி மொத்த வியாபாரி: *19 வருஷமா ஒரே கிளையில் தீ பாலிசி. ஒரு க்ளெய்ம்கூட இல்லை. தீபாவளிச் சரக்குக்கு இடம் போதாமல் எதிர்ச்சாரியில் ஒரு குடோன் பிடித்தேன். அதில் தீப்பிடித்து 8.40 லட்சம் சரக்கு போய்விட்டது. பாலிசியில் கடை முகவரி மட்டும் இருப்பதால் நிராகரித்துவிட்டார்கள். மொத்தச் சரக்கு 52 லட்சம், பாலிசித் தொகை 60 லட்சம். பழைய வாடிக்கையாளர் என்று எக்ஸ் கிரேஷியா கேட்கலாமா?*

கேட்கலாம். பாலிசிப்படி உரிமை இல்லாத இடத்தில் நிறுவனம் கருணையாகத் தரும் தொகைதான் எக்ஸ் கிரேஷியா. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். இது உண்மையிலேயே பாலிசிக்கு வெளியே விழுந்த இழப்புதானா? உங்களுடையது சிறு தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியாக இருக்கும். தற்காலிகமாக வெளியே கொண்டுபோன சரக்குக்கு அதில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது சாயம், தையல், ஃபினிஷிங் மாதிரி வேலைக்காக அனுப்பிய சரக்குக்கு, அதுவும் ஒரு வரம்புக்குள்தான். இடம் இல்லாமல் அடுக்கி வைத்த சரக்கு அதில் வராது. எரிந்த கட்டுகளில் தையலுக்குப் போனது ஏதாவது இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். அப்புறம், கடன் இருந்தால் வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். அதில் குடோன் முகவரி இருக்கிறதா? முகவருக்கோ கிளைக்கோ எப்போதாவது தெரிவித்தீர்களா? இருந்தால் நீங்கள் கேட்பது கருணை இல்லை, உரிமை. கடிதமே வேறு மாதிரி எழுத வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்றால்தான் எக்ஸ் கிரேஷியா. '19 ஆண்டுகள்' என்பதை முதல் பத்தியில் வைக்காதீர்கள். என் மேஜைக்கு வந்த கடிதங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். ஒருமுறை ஒரு பெரிய மளிகை மண்டியின் கடிதத்தில் '22 ஆண்டுகால உறவு' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. பிரீமியம் பதிவேட்டைப் புரட்டினால் நடுவில் இரண்டு வருடம் வேறு நிறுவனத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன மற்றவையெல்லாம் உண்மை. ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பிறகு மேலே இருந்தவர்கள் எதையும் நம்பவில்லை.

முடிவெடுப்பவர் தேடுவது வேறு: இது தெரியாமல் நடந்த பிழையா, இதனால் நிறுவனம் கூடுதல் ஆபத்தைச் சுமந்ததா? உங்கள் கணக்கு அங்கேதான் பலமானது. 60 லட்சத்துக்குப் பிரீமியம் வாங்கியிருக்கிறார்கள். தீப்பிடித்த அன்று இரண்டு இடத்திலும் சேர்த்தே 52 லட்சம்தான். அதே துணி, அதே தெரு. குடோனும் கடை மாதிரியே கான்கிரீட் கட்டடம் என்றால், முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் பாலிசியில் திருத்தம் சேர்க்கும் ஒரு எண்டார்ஸ்மென்ட் போட்டுக் கிட்டத்தட்ட அதே பிரீமியத்தில் முடித்திருப்பார்கள். இதை நான்கே வரியில், வாடகை ஒப்பந்தத்தின் தேதியோடு எழுதுங்கள். குடோன் தகரக் கொட்டகை என்றால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் ஏற்கெனவே எழுதியிருப்பார்.

சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொறுப்பு இல்லை என்று முடித்திருந்தாலும் பெரும்பாலும் இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டிருப்பார். நீங்கள் சொல்லும் 8.40 அங்கே 7.10 ஆக இருக்கலாம். அந்த எண்ணிலிருந்துதான் நீங்கள் கேட்கும் தொகையைச் சொல்ல வேண்டும். 'பார்த்துச் செய்யுங்கள்' என்று தொகை இல்லாமல் வரும் கடிதத்துக்குக் கிளையில் நோட் போட முடியாது. நானாக இருந்தால் பாதி கேட்பேன்.

கடிதத்தின் மேலே 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று இருக்கட்டும். நிறுவனத்துக்குப் போகும் கடிதங்களில் 'வித்அவுட் பிரெஜுடிஸ்' என்று போடுவார்களே, அதுதான். 'என் க்ளெய்ம் பாலிசியில் வராது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று எங்கேயும் எழுதாதீர்கள். பணிவுக்காக எழுதும் அந்த வரியை நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு எதிராகவே வாசிப்பார்கள்.

இன்னொன்று. கருணைக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். நிராகரிப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனுக்கு ஒரு வருடம், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். தனிநபர் வியாபாரமும் குறுந்தொழிலும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், 50 லட்சம் வரை.

மதுரையிலிருந்து: *எட்டு லட்சம் ஒரு கம்பெனிக்குத் தூசு சார். கிளை மேனேஜர் மனசு வைத்தால் கொடுக்க மாட்டாரா?*

அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. மண்டல அலுவலகம், பிறகு தலைமை அலுவலகம் என்று போகும். தணிக்கையில் 'பொறுப்பே இல்லாத க்ளெய்முக்கு ஏன் கொடுத்தீர்கள்' என்று கேட்டால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். நிறுவனம் தன் ஆபத்தில் ஒரு பங்கை வேறு நிறுவனத்திடம் காப்பீடு செய்துவைக்கும் மறுகாப்பீட்டையும் யோசியுங்கள். முறையான க்ளெய்ம் என்றால் மறுகாப்பீட்டு நிறுவனம் தன் பங்கைக் கொடுத்துவிடும். கருணையாகக் கொடுத்ததற்கு, முன்கூட்டிச் சம்மதம் வாங்காவிட்டால், பங்கு தர அது கடமைப்பட்டதில்லை. முழுத்தொகையும் இவர்கள் கையைவிட்டுப் போகும். கிளை மேலாளர் செய்யக்கூடியது, பரிந்துரைப் பத்தியை நன்றாக எழுதுவது. அது பெரிய உதவி. அவரைப் போய்ப் பாருங்கள், சண்டை போடாதீர்கள்.

கோவையிலிருந்து, முகவர்: *நீங்கள் வீணாகக் கருணை, கிருபை என்கிறீர்கள். உச்ச நீதிமன்றமே 75 சதவீதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நான்-ஸ்டாண்டர்ட் செட்டில்மென்ட். ஈரோட்டுக்காரர் நேராக அதைக் கேட்கட்டும்.*

நிபந்தனை மீறிய க்ளெய்முக்கு ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பதுதான் நான்-ஸ்டாண்டர்ட். நீங்கள் சொல்வது 2010ல் வந்த அமலேந்து சாகூ தீர்ப்பு. சொந்த உபயோகத்துக்குப் பாலிசி எடுத்த கார், வாடகைக்கு ஓடும்போது விபத்தில் சிக்கியது. அங்கே காரும் பாலிசியில் இருந்தது, விபத்தும் இருந்தது. மீறியது பயன்பாட்டு நிபந்தனையை. இங்கே எரிந்த சரக்கு, பாலிசி சொல்லும் இடத்திலேயே இல்லை. நிபந்தனையை மீறுவது வேறு, வரம்புக்கே வெளியே நிற்பது வேறு.

அதே முகவர்: *சரக்கு பாலிசியில் இருக்கிறதே! இடம் என்பதும் ஒரு நிபந்தனைதானே?*

நல்ல வாதம். இதை வைத்து ஒரு வழக்கறிஞர் ஆணையத்தில் வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் பாலிசி காப்பது 'இந்த முகவரியில் உள்ள சரக்கை'. முகவரி அங்கே பொருளின் அடையாளம் என்றுதான் நிறுவனம் சொல்லும், நானும் அப்படித்தான் படிக்கிறேன். 75 சதவீதம் என்பதும் உச்சவரம்புதான், எல்லோருக்கும் அதுவே கிடைப்பதில்லை.

சேலத்திலிருந்து, இன்னொருவர்: *புதுப்பிக்கும்போது எல்லா பாலிசியையும் வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவேன் என்று எழுதினேன். இரண்டே வாரத்தில் 60 சதவீதம் வந்தது. உறவு, ஆதாரம் எல்லாம் அப்புறம்தான்.*

உங்களுக்கு எத்தனை பாலிசி?

சேலம்: *லாரிகள், மில், ஊழியர்கள் மருத்துவம். வருடத்துக்கு 40 லட்சம் பிரீமியம்.*

அதனால்தான். வருடம் சில ஆயிரங்கள் கட்டும் கடைக்காரர் அதே வரியை எழுதினால் மிரட்டல் என்று கோப்பில் ஏறும்.

கோவை முகவர்: *அப்போ நேர்மையாக 19 வருஷம் கட்டியதற்கு மதிப்பே இல்லையா?*

உண்டு, சாட்சியாக உண்டு. 19 வருடம் க்ளெய்ம் கேட்காதவர் 8 லட்சத்துக்காகக் கதை கட்ட மாட்டார் என்ற நம்பிக்கையை அது தரும். கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை அது தராது. அந்தப் பணம் அந்தந்த வருடம் எரிந்த வேறு கடைகளுக்குப் போய்விட்டது. பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், சிறியவருக்கு ஒரு நியாயம் என்ற உங்கள் கோபத்தை நான் மறுக்கவில்லை. உள்ளே இருந்தபோது எனக்கும் அது உறுத்தியது.

திருச்சியிலிருந்து: *அப்பா 7 வருஷம் எல்ஐசி கட்டினார். பிரீமியம் தவறி 4 மாதத்தில் இறந்துவிட்டார். கருணைத் தொகை கிடைக்குமா?*

கருணை என்று எழுதாதீர்கள். பல பழைய பாலிசிகளில் 5 வருடம் கட்டியிருந்து, தவறிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மரணம் என்றால், கட்டாத பிரீமியத்தைக் கழித்து முழுத்தொகை தரும் சலுகை விதியாகவே இருக்கிறது. 3 வருடம் கட்டியிருந்தால் அது 6 மாதம். பாலிசிப் பத்திரத்தோடு கிளைக்குப் போய் 'க்ளெய்ம் கன்செஷன்' என்று கேளுங்கள்.

கடலூரிலிருந்து: *புயலில் வீடு போனது. எக்ஸ் கிரேஷியாவுக்கு எந்த படிவம்?*

அது அரசு நிவாரணம். கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: *கண்புரை அறுவை, காத்திருப்புக் காலம் முடிய 11 நாள் பாக்கி என்று மறுத்துவிட்டார்கள். 9 வருட வாடிக்கையாளர்.*

9 வருடம் என்றால் காத்திருப்பு எப்படி பாக்கி இருக்கும்? நடுவில் பாலிசி மாறியிருக்கிறது. தொடர்ச்சி விடாமல் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்திருந்தால் பழைய வருடங்கள் சேர வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: *பாலிசி முடிந்து 2 நாளில் தீ. 12 வருட வாடிக்கையாளர். கொடுப்பார்களா?*

பிரீமியம் போகாத நாளில் ஒப்பந்தமே இல்லை, காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. இதற்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லிலிருந்து: *15 வருட வாடிக்கையாளர். மாதிரிக் கடிதம் ஒன்று கிடைக்குமா?*

இன்று மட்டும் இது ஏழாவது முறை. மாதிரிக் கடிதம் தர மாட்டேன். ஒரே வாசகத்தில் நான்கு கடிதம் ஒரே மண்டல அலுவலகத்துக்குப் போனால் நான்கும் குப்பைக்குப் போகும். ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் படித்து உங்கள் கணக்கை எழுதுங்கள். நிராகரிப்புக் கடிதத்தின் தேதியை இப்போதே பாருங்கள், கெடு ஓடுகிறது.

ஈரோடு, மறுபடியும்: *ஐயா, நீங்கள் சொன்னபடி தேடினேன். குடோன் பிடித்த அன்றே முகவருக்கு வாட்ஸ்அப்பில் முகவரியும் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். 'சரிங்ணா, சேர்த்துடலாம்' என்று பதில் வந்திருக்கிறது. தீ அதற்கு 16 நாள் கழித்து. கருணைக் கடிதத்தை டைப் செய்து வைத்திருக்கிறேன், இதையும் இணைத்து அனுப்பவா?*

அனுப்பாதீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் உரிமையும் கருணையாகிவிடும். அந்த உரையாடலைத் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள். முகவரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகுமா என்பதில் அவர்கள் தகராறு செய்வார்கள். அவர் அந்த நிறுவனம் நியமித்த முகவரா, புரோக்கரா என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதை முதலில் பாலிசியின் முதல் பக்கத்தில் பாருங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு, முழுத்தொகைக்கும் எழுதுங்கள். முகவர் யார் என்று பார்த்துவிட்டு இங்கேயே சொல்லுங்கள்.